இரண்டு எண், ஒரே விவசாயி: இலைப் பதிவேட்டில் எண்கள் ஒன்றாகும்போதும் மாறும்போதும் பட்டுவாடாக் கணக்கு ஆளைத் தவறவிடாமல் இருக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விவசாயிக்கு இரண்டு எண் இருந்தது. இலைப் பதிவேட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். பட்டுவாடாக் கணக்கில் மட்டும் ஏன் தானாகச் சரியாகவில்லை?

பட்டுவாடாக் கணக்குக்கு நீங்கள் ஒன்றாக்கியது தெரியவே தெரியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் எடை போடும் இடத்தில் இலைப் பதிவேட்டுக்கு ஒரு மென்பொருள், அலுவலகத்தில் பட்டுவாடாக் கணக்குக்கு வேறொரு மென்பொருள் என்பதுதான் வழக்கம். இரவில் ஒரு நிரல் ஓடி, முதலாவதில் இருப்பதை இரண்டாவதுக்குக் கொண்டுபோகிறது. அந்த நிரலின் கண்ணுக்குத் தெரிவது வரிகள் மட்டுமே. 1182 என்ற எண்ணை 0417-இல் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்று இருந்த 1182 என்ற வரி இன்று இல்லை. 0417 என்ற வரியில் ஏதோ மாறியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆகவே ‘ஒருவர் விலகிவிட்டார், இன்னொருவர் விவரம் திருத்தியிருக்கிறார்’ என்று எடுத்துக்கொள்கிறது.

நிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, 1182 அங்கே அழிக்கப்படும். அல்லது, மாறிய வரிகளை மட்டும் இழுக்கும் நிரலாக இருந்தால், காணாமல்போன வரி அதன் கண்ணில் படாமலேயே போய், 1182 அங்கே ஆளில்லாத கணக்காக நின்றுகொண்டிருக்கும். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

அப்படி நடந்தால் பணத்தில் உடனே தெரிந்துவிடாதா?

தெரியும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டபெட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர். ஏஜென்ட் லாரியில் அனுப்பிய இலை 0417 என்ற எண்ணில், நேரில் கொண்டுவந்து போட்டது 1182 என்ற எண்ணில். அந்த மாதம் 0417-இல் 1,240 கிலோ, 1182-இல் 385 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் அலுவலகத்தில் வாங்கிய முன்பணம் 8,000 ரூபாய் 1182-இன் பேரில் நிற்கிறது.

சரியான கணக்கு: மொத்தம் 1,625 கிலோ, 32,500 ரூபாய். முன்பணம் 8,000 கழித்தால் கைக்குச் சேரவேண்டியது 24,500.

1182 அழிக்கப்பட்ட கணக்கு: 0417-இன் 1,240 கிலோவுக்கு 24,800 ரூபாய். 385 கிலோ போயிற்று, அதோடு முன்பணமும் போயிற்று. வித்தியாசம் வெறும் 300 ரூபாய், அதுவும் விவசாயிக்குச் சாதகமாக. அவர் ஏன் வந்து கேட்கப்போகிறார்? இலைக்கான 7,700 ரூபாயும் முன்பணமான 8,000 ரூபாயும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இதனால்தான் பணத் தொகையை மட்டும் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கிலோவைத் தனியாகக் கூட்டிப் பார்க்கவேண்டும், முன்பண நிலுவையைத் தனியாகக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

இதைத் தடுக்க அடிப்படையில் என்ன செய்யவேண்டும்?

இலைப் பதிவேட்டின் எண்ணையே பட்டுவாடாக் கணக்கின் அடையாளமாக வைத்துக்கொள்வதை நிறுத்தவேண்டும். அந்த எண் அவர்களுடையது. நாளை ஒன்றாக்குவார்கள், மறுநாள் மாற்றுவார்கள், நம்மைக் கேட்கமாட்டார்கள். பட்டுவாடாப் பக்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் நாமே ஓர் உள் எண் கொடுத்துக்கொள்ளவேண்டும். வெளியே யாருக்கும் அது தெரியவேண்டியதில்லை, எந்தச் சீட்டிலும் அச்சாகவேண்டியதில்லை. பதிவேட்டின் எண் எந்த உள் எண்ணைக் குறிக்கிறது என்பதை ஒரே ஒரு பொருத்த அட்டவணை சொல்லவேண்டும்.

```sql
CREATE TABLE id_map (
  source_key text,
  valid_from date,
  valid_to   date NOT NULL DEFAULT 'infinity',
  party_id   bigint NOT NULL,
  PRIMARY KEY (source_key, valid_from)
);
```

இது போஸ்ட்கிரஸில் எழுதியது. `party_id` நம் உள் எண், `source_key` பதிவேட்டின் எண். தேதிகள் எதற்கு என்பது கீழே வரும். இந்த அட்டவணையிலிருந்து எந்த வரியையும் அழிக்கக்கூடாது என்பது மட்டும் இப்போதைக்கு நினைவில் இருக்கட்டும். பதிவேட்டில் 1182 இல்லாமல் போனாலும் இங்கே அது இருந்தே தீரவேண்டும். அந்த எண் எழுதிய சீட்டு இன்னும் ஏதாவது ஒரு லாரியில் கிடக்கும்.

அட்டவணை இருக்கிறது. 1182-ஐ 0417-ஓடு ஒன்றாக்கினார்கள் என்ற செய்தி வந்தால், எந்த வரிசையில் என்ன செய்வது?

முதலில் இரண்டு எண்களும் இப்போது எந்த உள் எண்ணைக் காட்டுகின்றன என்று பாருங்கள். 0417 காட்டுவது 51, 1182 காட்டுவது 88 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏற்கெனவே ஒரே உள் எண்ணைக் காட்டினால் செய்ய ஒன்றுமில்லை, விட்டுவிடலாம். இரண்டில் ஒன்று அட்டவணையிலேயே இல்லையென்றால், புது விவசாயியின் பதிவு வருவதற்குள் ஒன்றாக்கிய செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று பொருள். அந்தச் செய்தியை ஒதுக்கி வைத்து அடுத்த சுற்றில் மீண்டும் எடுங்கள், தூக்கிப் போடாதீர்கள். இரண்டும் இருந்து, வேறுவேறாகவும் இருந்தால்:

```sql
BEGIN;
INSERT INTO merge_log
  (source_key, valid_from, old_party, new_party, event_id)
SELECT source_key, valid_from, party_id, 51, 'M-2031'
FROM id_map WHERE party_id = 88;

UPDATE id_map SET party_id = 51 WHERE party_id = 88;
COMMIT;
```

`merge_log` என்பது எந்த எண் எந்த உள் எண்ணிலிருந்து எதற்குப் போனது என்று குறித்து வைக்கும் தனி அட்டவணை, அதையும் முன்பே உருவாக்கி வைத்திருக்கவேண்டும். `M-2031` இந்த ஒன்றாக்கலின் நிகழ்வு எண். ‘1182 என்ற எண்ணை மாற்று’ என்று எழுதாமல் ‘88-ஐக் காட்டும் எல்லா எண்களையும் மாற்று’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். போன வருடம் 0933 என்ற எண்ணை 1182-இல் சேர்த்திருந்தால் அதுவும் 88-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கும். 1182-ஐ மட்டும் மாற்றினால் 0933 பழைய இடத்திலேயே நின்றுவிடும், அந்த எண்ணில் ஒரு பழைய சீட்டு வரும்போது கணக்கு ஆளில்லாத இடத்துக்குப் போகும். மேலே உள்ளபடி செய்தால் சங்கிலி எத்தனை கண்ணி நீண்டாலும் எல்லா எண்களும் கடைசி ஆளையே நேராகக் காட்டும். அதே செய்தி இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லை. இரண்டாவது முறை 88-ஐக் காட்டும் வரியே இருக்காது.

எண்ணைச் சரியாக மாற்றினோம். ஆனால் கிலோ இரட்டிப்பாகிவிட்டது. ஏன்?

பதிவேட்டு மென்பொருள் ஒன்றாக்கும்போது 1182-இன் பழைய எடைச்சீட்டுகளிலும் எண்ணை 0417 என்று மாற்றி எழுதிவிட்டது. அன்று இரவு அந்தச் சீட்டுகள் ‘0417-இன் புதிய சீட்டுகள்’ என்ற பெயரில் உங்களிடம் மறுபடி வந்தன. நீங்கள் ஒரு சீட்டை ‘விவசாயி எண் + தேதி’ என்று அடையாளம் கண்டிருப்பீர்கள். எண் மாறியதால் அது உங்களுக்கு வேறு சீட்டாகத் தெரிந்தது. மேலே சொன்ன விவசாயிக்கு 385 கிலோ இரண்டு தடவை ஏறி 2,010 கிலோ ஆகும், 40,200 ரூபாய் காட்டும்.

சீட்டுக்கு அடையாளம் சீட்டு எண்தான். அதில் எழுதப்படும் ஆளின் எண் மாறக்கூடியது, அதை அடையாளத்துக்குள் கொண்டுவரவே கூடாது. முதல் முறை சீட்டு வந்தபோது அதில் என்ன விவசாயி எண் இருந்ததோ அதைத் தனி நெடுவரிசையில் அப்படியே வையுங்கள். நான் அதற்கு `slip_key` என்று பெயர் வைப்பேன். பதிவேடு பின்னால் எப்படி மாற்றி எழுதினாலும் இந்த நெடுவரிசை மாறாது. தவறாக ஒன்றாக்கியதைப் பிரிக்கவேண்டி வரும் நாளில் கையில் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

இதற்கு நேரெதிர்த் தொல்லையும் உண்டு. சில மென்பொருள்கள் சீட்டுகளை மாற்றி எழுதும், ஆனால் சீட்டின் ‘கடைசியாகத் திருத்திய நேரம்’ என்ற இடத்தைத் தொடாது. திருத்திய நேரத்தைப் பார்த்து இழுக்கும் நிரலுக்கு அந்த மாற்றம் வரவே வராது. பொருத்த அட்டவணை வைத்திருப்பவருக்கு இதனால் பாதிப்பில்லை, ஏனென்றால் பழைய எண்ணும் அதே ஆளைத்தான் காட்டும்.

முன்பணமும் வங்கிக் கணக்கு எண்ணும் தானாக நகருமா?

நகராது. அவை பதிவேட்டில் இல்லவே இல்லை, உங்கள் பக்கத்தில் பிறந்தவை. 88-இன் பேரில் நிற்கும் 8,000 ரூபாயை நீங்களே 51-க்கு மாற்றவேண்டும். பழைய வரியில் எண்ணைத் திருத்துவதைவிட, 88-இல் ஒரு வரவும் 51-இல் ஒரு பற்றும் போட்டு, இரண்டிலும் `M-2031` என்று குறிப்பெழுதுவதே கணக்கு முறை. தணிக்கையாளர் கேட்டால் கையைக் காட்ட இடம் இருக்கும்.

வங்கிக் கணக்கு இன்னும் வம்பான விஷயம். பதிவேட்டில் யாரோ 0417-ஐ நிலைக்கும் எண்ணாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்காக 0417-இன் வங்கிக் கணக்குதான் சரியானது என்று சொல்லமுடியாது. ஏஜென்ட் மூலம் வந்த எண்ணில் ஏஜென்ட்டின் வங்கிக் கணக்கே பதிவாகியிருக்கக்கூடும். இரண்டு உள் எண்களிலும் வேறுவேறு வங்கிக் கணக்கு இருந்தால், பட்டுவாடாவை நிறுத்தி வைத்து ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

போன மாதப் பட்டியல்களில் 1182 என்று அச்சாகியிருக்கிறது. அவற்றையும் மாற்றவேண்டுமா?

வேண்டாம். பணம் கொடுத்து முடித்த மாதத்தின் பட்டியல், கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து இருக்கவேண்டும். விவசாயி கையில் உள்ள தாளும் உங்கள் திரையும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் நாளை பேச்சு வளரும். அடைக்காத மாதத்தின் கணக்கு மட்டும் பொருத்த அட்டவணை வழியாகப் போகட்டும்.

‘ஒன்றாக்கினார்கள்’ என்ற செய்தியே எங்களுக்கு வருவதில்லை. அதை எங்கிருந்து எடுப்பது?

அது மூல மென்பொருளைப் பொறுத்தது. எடுக்க முடிந்தவற்றில் பலருக்கும் தெரிந்தது சேல்ஸ்ஃபோர்ஸ். அங்கே வாடிக்கையாளர் பதிவுகளை ஒன்றாக்கினால், தோற்ற பதிவு அழிக்கப்பட்டதாகக் குறிக்கப்படும், அதன் `MasterRecordId` என்ற இடத்தில் வென்ற பதிவின் எண் எழுதப்படும். சாதாரண வினவலில் அழிந்த பதிவுகள் வராது. `queryAll` பயன்படுத்தினால்தான் வரும். அதுவும் குப்பைத் தொட்டியில் இருக்கும்வரைதான், அதாவது வழக்கமாக 15 நாள். மாதம் ஒருமுறை மட்டும் ஒத்திசைப்பவருக்கு அந்தத் தகவல் கைதவறிப் போய்விடும்.

மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு செய்தி வகை உண்டு. HL7 முறையில் `ADT^A40` என்பது நோயாளிப் பதிவுகளை ஒன்றாக்கிய செய்தி. நிலைக்கும் எண் `PID` பகுதியிலும், மறையும் எண் `MRG` பகுதியிலும் வரும். யார் யாருக்குள் போனார் என்பது செய்தியிலேயே இருப்பதால் ஊகத்துக்கு இடமில்லை.

தரவுத்தளத்தின் மாற்றப் பதிவை டெபீசியம் கொண்டு படிப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு வரியின் முதன்மை எண் மாறினால் அது ‘பழைய எண் அழிந்தது’, ‘புதிய எண் பிறந்தது’ என்று தனித்தனி நிகழ்வுகளாக வரும். அழிந்த நிகழ்வின் தலைப்பில் `__debezium.newkey`, பிறந்த நிகழ்வின் தலைப்பில் `__debezium.oldkey` இருக்கும். தலைப்புகளைப் படிக்காமல் விட்டால் ஒரே ஆள் செத்துப் பிறந்த கதைதான்.

நம் ஊர் இலைப் பதிவேட்டு மென்பொருளில் இவை எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்போது எண்களை ஒன்றாக்கும் எழுத்தரே ஒரு சின்னத் தாளில் பழைய எண், நிலைக்கும் எண், தேதி, காரணம் என்று நான்கு விவரம் எழுதி அனுப்புவதை நடைமுறையாக்குங்கள். நுட்பக் குறைவுதான். ஆனால் வேலை செய்கிறது.

பெயரும் ஊரும் ஒத்துப்போனால் நிரலே ஒன்றாக்கிக்கொள்ளும்படி செய்யலாமா?

நீலகிரியில் வேண்டவே வேண்டாம். ஒரே ஹட்டியில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், இனிஷியலும் ஒத்துப்போகும். இனிஷியலை ஒருவர் முன்னால் எழுதுவார், ஒருவர் பின்னால் எழுதுவார். நிரல் ‘இவர்கள் ஒருவராக இருக்கலாம்’ என்று ஒரு பட்டியல் தரட்டும். முடிவு எழுத்தருடையது.

தவறான இருவரை ஒன்றாக்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்பப் பிரிக்க முடியுமா?

`merge_log` இருந்தால் பெரும்பகுதி முடியும். `M-2031` என்ற நிகழ்வில் எந்தெந்த எண்கள் 88-இலிருந்து 51-க்குப் போயின என்று அது சொல்லும். அவற்றை மட்டும் 88-க்குத் திருப்புங்கள். `slip_key` மாறாமல் இருப்பதால் ஒன்றாக்கும் முன் வந்த சீட்டுகள் தாமாகவே பழைய ஆளிடம் போய்விடும். முன்பணத்துக்கு எதிர்ப் பதிவு போடுங்கள்.

முடியாத பகுதி, இடைப்பட்ட நாட்களில் வந்தது. எண்கள் ஒன்றான பிறகு இருவரின் இலையும் 0417 என்றே எழுதப்பட்டிருக்கும். எந்தச் சீட்டு யாருடையது என்று எந்த நிரலாலும் சொல்லமுடியாது. எடை போட்டவரையும் ஏஜென்ட்டையும் உட்காரவைத்துச் சீட்டுச் சீட்டாகப் பிரிக்கவேண்டியதுதான். ஆகவே சந்தேகம் வந்த அன்றே பிரியுங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

மென்பொருளையே மாற்றுகிறோம். எல்லா விவசாயிகளுக்கும் புது எண் வருகிறது. என்ன தயாரிப்பு வேண்டும்?

பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு கோப்பை மென்பொருள் கொடுப்பவரிடமிருந்து, மாற்றத்துக்கு முன்பே வாங்குங்கள். மாற்றிய பிறகு கேட்டால் ‘பழைய எண் எதற்கு?’ என்பார்கள். அந்தக் கோப்பை விரிதாளில் திறந்து சேமிக்காதீர்கள். 0417 என்பது 417 ஆகிவிடும், அதன் பிறகு எதோடும் பொருந்தாது. உரைக் கோப்பாகவே நேராகத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள்.

பிறகு மூன்று விஷயங்களைச் சரிபார்க்கவேண்டும். நடப்பில் உள்ள ஒவ்வொரு பழைய எண்ணுக்கும் ஒரு புது எண் உண்டா? ஒரே புது எண்ணுக்கு இரண்டு பழைய எண்கள் வந்திருந்தால், அது யாராவது தெரிந்தே ஒன்றாக்கியதா, இல்லை தட்டச்சுப் பிழையா? அடைக்காத மாதத்தின் கிலோவைப் பழைய எண் வழியாகக் கூட்டினாலும் புது எண் வழியாகக் கூட்டினாலும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே தொகை வருகிறதா? மூன்றாவதை ஒட்டுமொத்தமாகக் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரண்டு பேரின் எண்கள் இடம் மாறிப் போயிருந்தாலும் மொத்தத்தில் அது தெரியாது.

எல்லாம் சரியென்றால் அட்டவணையில் புது எண்களைச் சேருங்கள். பழைய வரிகள் இருக்கட்டும். இரண்டு எண்ணும் ஒரே உள் எண்ணைக் காட்டும், பட்டுவாடாப் பக்கத்தில் ஒரு வரிகூட மாறாது.

விலகிப்போனவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்கிறார்கள். பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாத் தொல்லைகளிலும் இதுதான் மோசமானது, ஏனென்றால் மூலத்தில் எதுவும் அழியவில்லை, எதுவும் புதிதாக வரவில்லை. பெயர் திருத்தியது போல மட்டும் தெரியும். முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் `valid_from`, `valid_to` இதற்காகத்தான். பழையவரின் வரியில் `valid_to` போட்டு, அதே எண்ணுக்குப் புதிய உள் எண்ணோடு இன்னொரு வரி எழுதுங்கள். சீட்டின் தேதியைப் பார்த்து ஆளைத் தேடுவதால் இருவரும் கலக்கமாட்டார்கள்.

அப்பா காலமாகி, மகன் பெயருக்கு மாற்றினார்கள். எண் அதேதான். இதுவும் அப்படித்தானா?

அதே கதைதான், கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு. தோட்டம் ஒன்று, எண் ஒன்று; ஆனால் ஆள் வேறு. மகனுக்குப் புதிய உள் எண் கொடுத்து, மாறிய தேதியிலிருந்து வரியைத் தொடங்குங்கள். அப்பாவின் பேரில் நிற்கும் தொகையை மகனின் கணக்குக்குத் தள்ளிவிடாதீர்கள். கூட்டுப் பட்டா உள்ள குடும்பங்களில் அந்தப் பணம் மகன் ஒருவருக்கே உரியதாக இல்லாமல் இருக்கலாம். அலுவலகம் முடிவு செய்யும்வரை அது அப்பாவின் உள் எண்ணிலேயே இருக்கட்டும். ஒரு எண்ணில் பெயர் முழுதாக மாறினால் நிரல் அதைத் தானாக ஏற்காமல் ஒருவர் பார்வைக்கு நிறுத்தவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த இரண்டு காரணங்களுக்காகவும்தான்.

தினமும் காலையில் ஒரே ஒரு சோதனை போடுவதென்றால் எதைப் போடுவீர்கள்?

ஆள் கிடைக்காத சீட்டுகளை.

```sql
SELECT w.slip_key, count(*), sum(w.kg)
FROM weighing w
LEFT JOIN id_map m
  ON m.source_key = w.slip_key
 AND w.w_date >= m.valid_from
 AND w.w_date <  m.valid_to
WHERE m.party_id IS NULL
GROUP BY w.slip_key;
```

வெறுமையாக வந்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் ஆள் இருக்கிறார். அது சரியான ஆள்தானா என்பதை இது சொல்லாது. அதற்கு வாரம் ஒருமுறை, ஒரே வங்கிக் கணக்கு வைத்திருக்கும் இரண்டு உள் எண்களைப் பட்டியலிடுங்கள். பதிவேட்டில் ஒன்றாக்கியும் நமக்குச் சொல்லாமல் விட்டவை பல அங்கேதான் மாட்டும். ஏஜென்ட்டின் வங்கிக் கணக்கு பல பேருக்குப் பொதுவாக இருக்கும். அவற்றை ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்தால் பட்டியல் சிறியதாகிவிடும்.

எண்கள் ஒன்றாகி நாளாயிற்று, இன்னும் லாரியில் 1182 என்று எழுதிய சீட்டு வருகிறது. எப்போது ஏற்பதை நிறுத்துவது?

நிறுத்தவேண்டாம். ஏஜென்ட்டிடம் பழைய சீட்டுப் புத்தகம் தீரும்வரை வரும், தீர்ந்த பிறகும் பழக்கத்தில் ஒருவர் எழுதுவார். அட்டவணையில் அந்த வரி இருக்கும்வரை இலை சரியான ஆளுக்கே சேரும். ஏஜென்ட்டிடம் புதிய எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், அதோடு 1182 என்ற எண்ணை வேறு யாருக்கும் தரவேண்டாம் என்று பதிவேடு வைத்திருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.